அவர் குரலில் நான் கேட்ட மன்னிப்பு

வியாழக்கிழமைகளில் காலை எட்டேகாலுக்குக் கரமனைப் பாலத்துக்கு இப்புறம் பேருந்து நிறுத்தத்தில் நிற்பேன். வெள்ளைக் கார் வந்து நிற்கும். முன்னிருக்கையில் ஏறி, கைப்பேசியில் ஒலிப்பதிவை அமுக்கி, கியருக்குப் பக்கத்துப் பள்ளத்தில் வைப்பேன். அங்கிருந்து கழக்கூட்டத்தில் அவருடைய அலுவலகம் போய்ச் சேரும்வரை அவர் பேசுவார். அவர் பேசியதை வைத்து, அவர் பெயரில், அவரே எழுதியதுபோல் வாரத்துக்கு இரண்டு பதிவுகள் எழுதுவது என் வேலை.

அவர் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் தலைவர். கரமனை அக்ரஹாரத்தில் பிறந்தவர், இன்னும் அங்கேதான் வீடு. வேலை கொடுக்கிறவர்களும் தேடுகிறவர்களும் கூடுகிற இணையதளத்தில் அவருக்கென்று ஒரு பக்கம். அதில் எழுத அவருக்கு நேரமில்லை. நான் உரைநடையில் கவிதை எழுதுகிறவள். இரண்டு சிறிய புத்தகங்கள். அவற்றை வாங்கியவர்களை எனக்கு முகம் முகமாகத் தெரியும். அதனால் பகலில் பிறர் பெயரில் எழுதுகிறேன். பதிவுகள் ஆங்கிலத்தில், இங்கே தமிழில் சொல்கிறேன்.

முதல் இரண்டு வாரம் அவருடைய அறையில் உட்கார்ந்து பேசினோம். மேஜைக்குப் பின்னால் அமர்ந்தவுடன் அவர் வாயில் நிறுவனம் வந்து உட்கார்ந்துகொண்டது. எல்லா வாக்கியமும் ஆண்டறிக்கையின் மூன்றாம் பக்கம்போல் இருந்தது. மூன்றாம் வாரம் கீழே வாசல்வரை என்னுடன் நடந்து வந்தவர், ஸ்கூட்டர் ஒன்றைக் காட்டி, "இந்த மாடல்தான் எங்க அப்பாவோடது. ஸ்டாண்டு போட்டா சாயும். கல்லு ஒண்ணு வெப்பார்" என்றார். அங்கேயே தெரிந்தது. இவர் கையும் கண்ணும் வேறு எதிலாவது இருக்கும்போதுதான் இவர் பேசுகிறார். "சார், இனி நீங்க வண்டி ஓட்டும்போது பேசலாமா?" என்றேன். அப்படி வந்தது கார்.

ஒருவர் குரலைப் பிடிப்பதென்பது சொற்களைப் பிடிப்பது அல்ல என்று அப்போது நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூச்சைப் பிடிக்க வேண்டும். எங்கே நிறுத்துகிறார், எதைத் தொடங்கிவிட்டுக் கைவிடுகிறார், எந்த இடத்தில் தன்னையே திருத்திக்கொள்கிறார். வீட்டுக்கு வந்து ஒலிப்பதிவை மூன்று முறை கேட்பேன். நோட்டில் ஒரு பக்கம் அவர் சொல்கிற சொற்கள். "நேரா சொல்லப்போனா." "அது என் மண்டையில ஏறலை." "இல்லை, தப்பாச் சொல்றேன்." எதிர்ப்பக்கம் அவர் வாயில் நான் வரவிடாத சொற்கள். பெருமிதம் கொள்கிறோம். பயணம். பாடம். கூட்டு முயற்சி. நிறுவனத்தின் சார்பில். ஆழ்ந்த வருத்தம். அசௌகரியம். அந்தப் பட்டியல் நீளநீள எனக்குச் சந்தோஷம், தோட்டத்தில் களை பிடுங்குகிறவளைப்போல.

வேறு விதிகளும் உண்டு. முதல் வரி, 'மேலும்' என்பதை அமுக்குமுன்பே கைப்பேசியில் தெரிவது, அதில் ஒரு மனிதன் நிற்க வேண்டும். கடைசியில் உபதேசம் கூடாது. அவர் சொல்லாத சம்பவத்தை நான் சேர்க்கக் கூடாது. எழுதியதை உரக்கப் படித்து, என் வாய் தடுக்கினால் அப்படியே விட்டுவிட வேண்டும், அவர் வாய் தடுக்கும் என்று தோன்றினால் மாற்ற வேண்டும். பிறகு அவருக்கு அனுப்புவேன். விமான நிலையத்திலிருந்தோ, கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவிலிருந்தோ கட்டைவிரல் படம் ஒன்று திரும்பி வரும். அதற்கு 'போடலாம்' என்று பொருள். பதிவுக்குக் கீழே வருகிற கருத்துக்களையும், பெட்டிக்குள் வருகிற கடிதங்களையும் என்ன செய்வதென்று கேட்டபோது, "சின்னதுக்கெல்லாம் பதில் நீங்களே போட்டுடுங்கோ. பெரிசா ஏதாவது வந்தா என்கிட்ட பறையுங்கோ, போரும்" என்றார்.

சின்னது எது, பெரியது எது என்று நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஒரு வியாழன் மழை. பேட்டைப் பக்கம் வண்டிகள் நகரவில்லை. வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எட்டு வருஷம் முன்னால ஒரு பையன் எங்ககிட்ட டெஸ்டிங்ல இருந்தான். பாறசாலைக்காரன். நான்தான் ரெண்டு வாரச் சோதனையை நாலு நாளாக் கொறச்சேன். சாதனம் வெளிநாட்டுல கஸ்டமர்கிட்ட போய் நின்னுபோயிடுத்து. கஸ்டமர் ஃபோன்ல இருக்கார், எல்லாரும் கேட்டுண்டு இருக்கா, நான் அவன் பேரைச் சொல்லிட்டேன். இவன் பாக்காம விட்டுட்டான்னு. அவன் என் மொகத்தைப் பாத்தான். ஒரு மாசத்துல போயிட்டான்."

கொஞ்ச தூரம் போனோம்.

"இப்போ பழவங்காடியில, கணபதி கோயில் பக்கத்துல மொபைல் ரிப்பேர் கடை வெச்சிருக்கான். ஒரு தடவை சிக்னல்ல நிக்கறேன், அவன் கடை வாசல்ல நிக்கறான். நான் ரேடியோவைத் திருகறாப்பல குனிஞ்சுண்டேன். நேரா சொல்லப்போனா... இல்லை. வேண்டாம்."

அவர் 'வேண்டாம்' என்றது எதை? பேச்சையா, எழுதுவதையா? நான் கேட்கவில்லை. கேட்டால் கதை போய்விடும் என்று பயந்தேன். கதை என்று அப்போதே மனசுக்குள் சொல்லிவிட்டேன், அதுதான் பிழை.

மறுநாள் காலையே எழுதினேன். முதல் வரி: "என் தவறுக்கு எட்டு வருடங்களுக்கு முன் இன்னொருவரின் பெயரைச் சொன்னேன்." சிக்னலும் ரேடியோவும் உள்ளே வந்தன. பெயர் இல்லை, ஊர் இல்லை, கோயில் பக்கத்துக் கடை என்று மட்டும். அனுப்பினேன். பெங்களூரில் ஏதோ கூட்டத்திலிருந்து கட்டைவிரல் வந்தது. முதல் இரண்டு வரிக்கு மேல் அவர் படித்திருக்கமாட்டார் என்பது விரல் வந்த வேகத்திலேயே தெரிந்தது. போட்டேன்.

ஊர் திரண்டு வந்தது. தலைவர் என்றால் இவர்தான் என்றார்கள். முன்பின் தெரியாதவர்கள் தங்கள் மேலாளர்கள் செய்ததை எழுதினார்கள். எண்ணிக்கை ஏற ஏற நான் அடுக்களைக்கும் அறைக்கும் நடந்துகொண்டிருந்தேன். என் புத்தகங்களுக்கு இப்படி ஒரு சாயங்காலம் வந்ததில்லை.

மறுநாள் பெட்டிக்குள் ஒரு கடிதம். மூன்றே வரி.

"சார், இது என்னைப் பற்றித்தான் என்று தெரிகிறது. ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று. என்னிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை."

இது பெரியது என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று இன்றுவரை என்னால் சொல்லிக்கொள்ள முடியவில்லை. அவரைக் கூப்பிட்டிருக்கலாம். எண் கையில் இருந்தது. ஆனால் விரல் பதிலுக்கான கட்டத்தில் போய் நின்றது, முதல் வாக்கியம் அதற்குள் வந்துவிட்டது, வந்த வாக்கியத்தை விட்டுவிட எனக்கு ஒருபோதும் மனசு வந்ததில்லை.

ஐந்து வாக்கியங்கள். ஒரு மணி நேரம் ஆனது. அவர் நிறுத்துகிற இடங்களில் நிறுத்தினேன். அவர் தன்னைத் திருத்திக்கொள்வதுபோல் ஒரு இடத்தில் திருத்தினேன். நான்காவது வாக்கியத்துக்கு ஏதோ ஒன்று தேவைப்பட்டது, ஒரு பொருள், ஒரு சத்தம். எழுதினேன்: "அன்று என் அறையைவிட்டுப் போகும்போது கதவை மெதுவாகச் சாத்தினீர்கள். ஓங்கிச் சாத்தியிருந்தால் நான் மறந்திருப்பேன்." என் விதியை நானே மீறினேன். கதவைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அனுப்பிவிட்டு அதை நாலு தரம் வாசித்தேன். என் இரண்டு புத்தகத்திலும் இல்லாத நல்ல வரி அது என்று தோன்றியது.

மறுநாள் காலையில் பதில். "போதும் சார். அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன்."

நான் அழுதேன். யார் மன்னிக்கப்பட்டதற்கு அழுதேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

வியாழன் வந்தால் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அந்த வியாழன் அவர் ஊரில் இல்லை. அதற்கடுத்த வியாழன் கார் வந்து நின்றது. ஏறி உட்கார்ந்து, ஒலிப்பதிவை அமுக்கி, பள்ளத்தில் வைத்தேன்.

"அந்தப் பதிவை ராத்திரி உக்காந்து முழுசா வாசிச்சேன்" என்றார். "ஆத்துக்காரி வாசிச்சுட்டு கேட்டா, அந்தப் பையன்கிட்ட போய்ச் சொன்னேளான்னு. ஊர்ல எல்லார்கிட்டயும் மாப்பு கேட்டாச்சு, ஆக்கும். அவன்கிட்ட கேட்கலை."

நான் வாயைத் திறந்தேன்.

"நல்லது சார்" என்றேன்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அவர் போய்ப் பார்த்தால் அதுவே அடுத்த பதிவாகும் என்று ஒரு நினைப்பு ஓடியது. முதல் வரியைக்கூட மனசு தேடியது. இதை எழுதும்போது என் காது சூடாகிறது.

பைபாஸ் பக்கம் போகிற கார் அன்று கிள்ளிப்பாலம் பக்கம் திரும்பியது.

"எங்க சார்?"

"இப்பவே போயிட்டு வந்துடலாம். ஆபீஸுக்குப் போனா ஆயிரம் வேலை வந்து பிடிச்சுக்கும். நீங்களும் வாங்கோ. தனியாப் போனா சிக்னல்லயே திரும்பிடுவேன்."

பத்து நிமிஷம் இருந்தது. பத்து நிமிஷத்தில் எவ்வளவோ சொல்லலாம். ஒவ்வொரு வளைவிலும் அடுத்த வளைவில் சொல்வதாக இருந்தேன். வண்டியை ஒரு சந்தில் நிறுத்தினார். கணபதி கோயில் பக்கம் தேங்காய் உடைகிற சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. கடைகள் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தன. அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். பெண் பார்க்கப் போகிறவர்போல இருந்தார், ஐம்பது வயதில்.

சின்னக் கடை. கண்ணாடி மேஜை, திறந்து கிடக்கிற கைப்பேசிகள், நெற்றியில் விளக்கு மாட்டிய ஒருவர். முப்பத்தைந்து வயதிருக்கும். நிமிர்ந்தார். விளக்கை மேலே தள்ளினார். அவர் முகத்தில் கோபத்தை எதிர்பார்த்து நின்ற எங்கள் சாருக்கு ஒரு பெரிய சிரிப்பு கிடைத்தது.

"வாங்க சாரே! எனக்குத் தெரியும், ஒரு நாளு வருவியன்னு. அப்பிடி எழுதின ஆளு வராம இருக்கமாட்டாருன்னு அம்மைட்ட சொன்னேன்."

"எழுதினதா? அந்தப் போஸ்ட்..."

"போஸ்ட் கெடக்கட்டும் சாரே. எனக்கு எழுதினதச் சொல்லுதேன்."

மேஜைக்கு அடியிலிருந்து தன் கைப்பேசியை எடுத்தார். தேடவில்லை. முதலிலேயே இருந்தது. நீட்டினார். எங்கள் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். ஐந்து வாக்கியங்கள்தான். வாசிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார். நான் சுவரில் தொங்கிய கைப்பேசி உறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றில் மயிலிறகு. ஒன்றில் வேளாங்கண்ணி மாதா. ஒன்றில் ஒன்றுமில்லை.

அவருக்கு ஒரு சுலபமான வழி இருந்தது. தலையை ஆட்டினால் போதும். அதை நான் விரும்பினேன். கடவுளே, தலையை ஆட்டிவிடட்டும் என்றுதான் நின்றேன்.

"இது நான் எழுதலை" என்றார்.

கடைக்காரர் சிரிப்பு மாறாமலே பார்த்தார். விளையாடுகிறார் என்று நினைத்திருப்பார். பிறகு சிரிப்பு மெல்லக் கழன்றது.

"சார் ஐடியில இருந்துதான வந்தது?"

"ஆமா. ஆனா நான் எழுதலை. இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"நான்தான்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "நான் எழுதினது. சாருக்காக எழுதிக் கொடுக்கற வேலை. சார்கிட்ட கேக்காம அனுப்பிட்டேன்."

"சேச்சியா?"

அவர் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. பழுதுபார்க்க வந்த ஒரு பொருளைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப நான் ஆரை மன்னிச்சேன்?" என்றார்.

எங்கள் சார் கைப்பேசியை மேஜைமேல் வைத்தார்.

"அந்தக் கதவு" என்றார் அதை எடுத்துக்கொண்டே. "அது ஆரு சொன்னது? சார் கேபினுக்குக் கதவே கெடையாது அப்ப. ரிப்பேருன்னு கழத்தி வச்சிருந்தாவ. எனக்கு நல்ல ஓர்மை உண்டு. ஆனா சார் எழுதியிருக்காரே, சாருக்கு இவ்வளவு நாளு மனசுல கெடக்குன்னா நான்தான் மறந்திருப்பேன்னு நெனச்சேன். ராத்திரி படுத்துக் கெடந்து ஓர்மிச்சுப் பாத்தேன். பாத்துப் பாத்து கதவு வந்துட்டு, சேச்சி. இப்ப நான் கண்ண மூடினா அந்தக் கதவச் சாத்துதேன்."

இதற்கு மேல் எனக்கு யாரும் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

எங்கள் சார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். திரும்ப எடுத்தார். மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பேச ஆரம்பித்தபோது ஆங்கிலமும் தமிழும் மலையாளமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தன.

"நான் கம்பெனியோட பிஹாஃப்ல... இல்லை, என்னோட பெர்சனல் கெப்பாசிட்டியில... அன்னிக்கு நடந்த அந்த இன்சிடென்ட்டை ஆழ்ந்த வருத்தத்தோட... ஐ சின்சியர்லி ரிக்ரெட் தி இன்கன்வீனியன்ஸ்" என்றார்.

என் நோட்டின் எதிர்ப்பக்கம் அப்படியே வரிசையாக வந்து நின்றது. நான் பிடுங்கிப் போட்ட களை எல்லாம். போலி என்று நான் தீர்மானித்த ஒவ்வொரு சொல்லும், மேல் உதடு வியர்க்க, அவர் வாயிலிருந்து வந்தது. முப்பது வருஷம் அந்த மொழியில் வாழ்ந்த மனிதருக்கு மன்னிப்புக் கேட்கும்போது வேறு எந்த மொழி வரும்? நான் அவருடைய குரல் என்று எழுதியது காரில் போகிற, மழை பார்க்கிற, எனக்குப் பிடித்த அவர். தலை குனிந்து நிற்கிற அவரை நான் ஒரு வாரமும் பதிவு செய்ததில்லை.

கடைக்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திடீரென்று ஒரு சிரிப்பு வெடித்தது. முதலில் வந்த சிரிப்பு இல்லை, வேறு.

"இன்கன்வீனியன்ஸா! சாரே, அன்னைக்கும் நீங்க இதுபோலத்தான். மீட்டிங் முடிஞ்சு வெளிய வந்து, 'டேக் இட் இன் தி ரைட் ஸ்பிரிட்'னு சொல்லிட்டு லிஃப்ட்டுல ஏறிட்டிய. நான் மூணு மாசம் அதச் சொல்லிச் சொல்லி வீட்டுல எல்லாரையும் வெறுப்பேத்தினேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இது சார்தான். இதுல சந்தேகமே இல்ல."

"தப்பாச் சொல்றேன்" என்றார் எங்கள் சார். "எனக்கு இது வரலை. தப்பு என்னோடதுடா. நாலு நாள்னு சொன்னது நான். உன் பேரைச் சொன்னேன். அவ்வளவுதான்."

"அது போதும்" என்றார் அவர். ஆனால் உடனே சிரிப்பு நின்றது. "எனக்குப் போதும். அம்மைட்ட நான் என்னத்தச் சொல்லுவேன்? அந்த லெட்டர மனப்பாடமாச் சொல்லுதா. பக்கத்து வீட்டு ஆளுங்கட்டயெல்லாம் சொல்லியாச்சு. எட்டு வருசமா எனக்க மேல தப்பு இருந்திருக்குமோன்னு ஒரு இது இருந்துது அவளுக்கு. இப்பதான் போச்சு."

"நான் வந்து சொல்றேன்."

"வரும்போ வாங்க. இப்ப எழுதித் தாங்க. கையால. தமிழ்ல எழுதுங்க, அவ அதுதான் வாசிப்பா."

ரசீதுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பின்பக்கம் திருப்பி வைத்தார். பேனா கொடுத்தார். மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் படித்த எங்கள் சார் கடைசியாக எப்போது தமிழ் எழுதினாரோ. மேஜையில் குனிந்து, எழுத்துக்களைத் தனித்தனியாக நட்டார். ஒரு வரி. நின்றார். இரண்டாவது வரியின் நடுவில் பேனாவைத் தூக்கி, பழக்கத்தில் என் பக்கம் திரும்பினார்.

"இதுக்கு என்ன வார்த்தை போடலாம்?"

என் வாயில் வார்த்தை இருந்தது. மூன்று இருந்தன. மூன்றும் நல்ல வார்த்தைகள். உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு தலையை இடவலமாக ஆட்டினேன். அவருக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. காது சிவந்தது, அவருக்கா எனக்கா தெரியவில்லை. திரும்பிக் குனிந்துகொண்டார். நான் கடைக்கு வெளியே வந்து நின்றேன்.

மாலை விற்கிறவர் ஒருவர் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். பேருந்துகள் கோட்டைப் பக்கம் வளைந்தன. உள்ளே பேனா ஓடும் சத்தம் கேட்காது, ஆனாலும் கேட்டது.

எழுதி முடித்து அவர் என்னைக் கூப்பிட்டார். கடைக்காரர் தாளை மடித்துப் பையில் வைத்தாகிவிட்டது.

"அந்தப் போஸ்ட எடுத்துரலாமா சாரே? நாலு பேரு கடைக்கு வந்து எட்டிப் பாத்துட்டுப் போறான். ரிப்பேருக்கும் வரமாட்டான், சும்மா பாப்பான்."

"எடுத்துடலாம்" என்றார் எங்கள் சார். கைப்பேசியை எடுத்தார். தன் பக்கத்தைத் திறந்தார். எங்கே அமுக்குவதென்று தெரியாமல் விரல் மேலும் கீழும் அலைந்தது. கடைசியில் என்னிடம் நீட்டினார். அவர் கையால் அவர் பதிவை அவரால் அழிக்க முடியவில்லை, அவ்வளவு தூரம் அந்தப் பக்கத்தை நான் எடுத்துக்கொண்டிருந்தேன். மூன்று புள்ளி, நீக்கு, ஆம். ஆயிரக்கணக்கான பாராட்டு ஒரு நொடியில் போயிற்று. அதற்காகவும் எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. அதையும் மறைக்கப் போவதில்லை.

காரில் திரும்பும்போது அவர் சொன்னது இவ்வளவுதான். "கோபம் இல்லை. அதை வாசிச்சப்போ, இப்படி நான் பேசியிருக்கலாமேன்னுதான் தோணித்து. அதாக்கும் கஷ்டம்." கொஞ்சம் கழித்து, "பெட்டியில வர்றதெல்லாம் இனி நான் பாத்துக்கறேன். மெதுவாப் பாப்பேன். ரெண்டு வரிதான் வரும்."

கியருக்குப் பக்கத்துப் பள்ளத்தில் கைப்பேசி அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. கடைக்கு அதைக் கொண்டுபோகவில்லை. அந்த நேரத்துக்கு ஒலிப்பதிவில் இருப்பது சந்தில் நின்ற காரின் அமைதி மட்டும், தூரத்தில் தேங்காய்கள், பிறகு இரண்டு கதவு திறந்து மூடும் சத்தம்.

இப்போதும் வியாழக்கிழமைகளில் பாலத்துக்கு இப்புறம் நிற்கிறேன். பதிவுகள் வாரத்துக்கு ஒன்றாகிவிட்டன. கட்டைவிரலை நான் ஏற்பதில்லை, முழுதும் வாசித்து ஒரு வார்த்தையாவது அவர் மாற்ற வேண்டும். சில சமயம் ஒரு நல்ல வாக்கியத்தை அடித்துவிட்டு, ஆண்டறிக்கையில் வருகிற ஏதாவதொரு சொல்லை அங்கே வைக்கிறார். வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார். நான் விட்டுவிடுகிறேன்.

அந்த ரசீதுத் தாளில் அவர் என்ன எழுதினார் என்று கேட்டதில்லை. பழவங்காடி வழியாகப் பேருந்தில் போகும்போது அந்தக் கடைப் பக்கம் பார்ப்பதுமில்லை. கைப்பையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொள்கிறேன்.